ஒன்றரை மணிக்கு நின்ற அஞ்சல்

சிவகாசியில் ஒரு அச்சகத்தின் மெயில் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். பதினைந்து பேர் வேலை பார்க்கும் இடம். நாட்காட்டி, திருமண அழைப்பிதழ், தீப்பெட்டி லேபிள் என்று எல்லா வேலைகளின் வரைவுகளும் மின்னஞ்சலில்தான் வந்து போகும். சர்வர் என்றதும் பெரிய இயந்திரத்தை நினைக்க வேண்டாம். எங்கோ ஒரு தரவு மையத்தில் மாத வாடகைக்கு எடுத்த சிறு பங்கு அது. நினைவகம் 2 ஜிபி. அதில் டெபியன் லினக்ஸ், அஞ்சலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், உலாவியில் மெயில் பார்க்க ஒரு வெப்மெயில் ஆகியவை ஓடுகின்றன. கணக்குப் பிரிவில் ஒருவர் 'இன்வாய்ஸ்' என்ற பெயரில் வந்த வைரஸைத் திறந்துவிட்டதால், வரும் அஞ்சலையெல்லாம் சோதிக்க கிளாம்ஏவி என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளையும் சேர்த்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து உரிமையாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, மத்தியானம் ஒன்றரை மணிக்கே அனுப்பிட்டேன்னு பார்ட்டி சொல்றாரு. நமக்கு ரெண்டரை மணிக்குத்தான் வருது. நேத்தும் இப்படித்தான்."

"காலையில வர்ற மெயில் எல்லாம் உடனே வந்துருதா அண்ணாச்சி?"

"அதெல்லாம் சட்டுன்னு வந்துருது. இந்த ஒரு நேரந்தான் இழுக்குது."

கடைசியாக அவர் சொன்னதில்தான் துப்பு இருந்தது. நாள் முழுக்கச் சரியாக ஓடுகிற சர்வர் ஏறக்குறைய ஒரே வேளையில் மட்டும் திணறினால், அந்த வேளைக்கென்று ஏதோ ஒரு வேலை அதற்கு இருக்கிறது. அது என்ன வேலை, அதற்கு ஏன் இவ்வளவு நினைவகம் தேவைப்படுகிறது, 2 ஜிபிக்குள் அதை எப்படி அடக்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வாசலிலேயே சோதனை

முதலில் சோதனை எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்ப்போம். வெளியூர் சர்வர் ஒன்று நமக்கு அஞ்சல் தரும்போது, இரண்டு சர்வர்களுக்கும் இடையே ஒரு சிறு உரையாடல் நடக்கிறது. நான் இன்னார், அஞ்சல் இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு, இதோ உள்ளடக்கம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அது பதிலுக்குக் காத்திருக்கும். நம் சர்வர் 250 என்ற எண்ணைச் சொன்னால் வாங்கிக்கொண்டோம் என்று பொருள். அந்த நொடியிலிருந்து அஞ்சலுக்குப் பொறுப்பு நாம். 5 என்று தொடங்கும் எண்ணைச் சொன்னால் மறுத்துவிட்டோம். 4 என்று தொடங்கினால், இப்போது முடியாது, பிறகு வா என்று பொருள்.

பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போடுவது போலத்தான் இது. கையெழுத்துக்கு முன் வேண்டாம் என்றால் தபால்காரரே திருப்பி எடுத்துப் போவார். போட்ட பிறகு அது நம் வீட்டுப் பொருள்.

மில்டர் என்பது கையெழுத்துக்கு முன்னால் நிற்கும் சோதனையாளர். மெயில் ஃபில்டர் என்ற இரண்டு சொற்களின் சுருக்கமே அந்தப் பெயர். சென்ட்மெயில் என்ற பழைய அஞ்சல் மென்பொருளுக்காக உருவான இந்த முறையை, 2006இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து போஸ்ட்ஃபிக்ஸும் ஏற்றுக்கொண்டது. அஞ்சலின் உள்ளடக்கம் முழுவதும் வந்து சேர்ந்ததும், 250 சொல்வதற்கு முன், போஸ்ட்ஃபிக்ஸ் அதை மில்டரிடம் காட்டி என்ன செய்யலாம் என்று கேட்கும். மில்டரின் பதிலையே வெளியூர் சர்வருக்குச் சொல்லும்.

அஞ்சலை வாங்கி வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சோதித்தால் என்ன? அப்படியும் செய்கிறார்கள். ஆனால் அப்போது வைரஸ் கிடைத்தால், பொறுப்பு ஏற்கெனவே நம்மிடம் வந்துவிட்டிருக்கும். அனுப்பியவருக்குத் தெரிவிக்கலாம் என்றால், வைரஸ் அஞ்சல்களில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருக்கு நம் எச்சரிக்கை போய்ச் சேரும். அப்படிப் பல போனால் நம் சர்வரையே குப்பை அனுப்பும் சர்வர் என்று மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். சொல்லாமல் அழித்தாலோ, தவறாகப் பிடிபட்ட நல்ல அஞ்சல் ஒன்று சுவடில்லாமல் மறைந்துவிடும். வாசலிலேயே மறுத்தால் இந்த இரண்டு சிக்கலும் இல்லை. உண்மையான அனுப்புநர் என்றால், அஞ்சல் போகவில்லை என்று அவருடைய சர்வரே அவருக்குச் சொல்லிவிடும்.

மூன்று பேர், மூன்று வேலை

கிளாம்ஏவியை 2002இல் வெளியிட்டவர் போலந்தின் தோமாஷ் கோய்ம். 2007இல் சோர்ஸ்ஃபயர் நிறுவனம் அதை வாங்கியது. 2013இல் சோர்ஸ்ஃபயரை சிஸ்கோ வாங்கியது. இன்றைக்கும் அது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள்தான்.

அஞ்சல் சர்வரில் அதன் மூன்று பகுதிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. திரையில் `clamd` என்று தெரியும் கிளாம்டிதான் உண்மையான பரிசோதகர். வைரஸ்களின் அடையாளங்களை நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு எப்போதும் விழித்திருக்கும். `clamav-milter` இடைத்தரகர். போஸ்ட்ஃபிக்ஸ் தரும் அஞ்சலை வாங்கிக் கிளாம்டியிடம் கொடுத்து, தீர்ப்பை வாங்கி வந்து சொல்லும். இதற்கு நினைவகம் அதிகம் வேண்டாம். மூன்றாவது `freshclam`, அதாவது ஃப்ரெஷ்கிளாம். புதிய வைரஸ்களின் அடையாளங்களை இணையத்திலிருந்து இறக்கிவந்து, பட்டியல் புதுசாகிவிட்டது என்று கிளாம்டிக்குச் சொல்வது இதன் வேலை.

இவற்றை இணைப்பது சில வரிகளில் முடிந்துவிடும். டெபியனில் `/etc/clamav/clamav-milter.conf` கோப்பில் இப்படி எழுதினேன்:

```
MilterSocket inet:7357@127.0.0.1
ClamdSocket unix:/var/run/clamav/clamd.ctl
OnInfected Reject
OnFail Defer
RejectMsg Virus found: %v
LogInfected Basic
```

போஸ்ட்ஃபிக்ஸின் `/etc/postfix/main.cf` கோப்பில் இரண்டு வரிகள்:

```
smtpd_milters = inet:127.0.0.1:7357
milter_default_action = tempfail
```

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரே முகவரியைத்தான் இரண்டு கோப்பிலும் எழுதுகிறோம். ஆனால் மில்டரின் கோப்பில் துறை எண் முதலில் வந்து, `@` போட்டு முகவரி பின்னால் வருகிறது. போஸ்ட்ஃபிக்ஸில் முகவரி முதலில், எண் பின்னால். ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் அப்படியே எழுதினால் இணைப்பு கிடைக்காது.

`OnInfected` வரியும் முக்கியம். அதை எழுதாமல் விட்டால், வைரஸ் உள்ள அஞ்சலை மில்டர் மறுக்காது, தனிமைப்படுத்தும். போஸ்ட்ஃபிக்ஸில் அவை காத்திருப்பு வரிசையில் யாரும் பார்க்காமல் குவிந்துகொண்டே இருக்கும். மறுக்க வேண்டும் என்றால் `Reject` என்று நாமே சொல்ல வேண்டும்.

எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க நிஜ வைரஸ் தேவையில்லை. ஐகார் என்ற 68 பைட் சோதனைக் கோப்பு ஒன்று இருக்கிறது. எந்தத் தீங்கும் செய்யாத வெறும் எழுத்து வரிசை. ஆனால் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதை வைரஸ் போலவே பிடித்துக் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதை இணைத்து வெளியிலிருந்து ஒரு அஞ்சல் அனுப்பினேன். சர்வர் பதிவேட்டில் `milter-reject: END-OF-MESSAGE` என்ற வரியும், அதன் வால்பகுதியில் நான் எழுதிய `Virus found` என்ற செய்தியும் வந்தன. காவல் சரியாக இருந்தது.

ஒரு ஜிபி எங்கே போகிறது?

கிளாம்டி எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை போதும்:

```
ps -o rss,cmd -C clamd
```

கிடைக்கும் எண் கிலோபைட்டில் இருக்கும். அச்சக சர்வரில் ஏறக்குறைய 12,00,000 காட்டியது. அதாவது 1.2 ஜிபி. ஒரு அஞ்சலைக்கூடச் சோதிக்காமல் சும்மா இருக்கும்போதே இவ்வளவு.

வட்டில் பார்த்தால் அடையாளக் கோப்புகள் மொத்தமே சில நூறு எம்பிதான். சுருக்கி வைத்த அந்தக் கோப்புகள் நினைவகத்துக்குள் ஏன் இப்படி ஊதிப்போகின்றன? வேகம் வேண்டும் என்பதற்காகத்தான். பட்டியலில் பல லட்சம் அடையாளங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் அடையாளத்தையும் எடுத்துக்கொண்டு அஞ்சலை முதலிலிருந்து கடைசிவரை தேடினால் ஒரு அஞ்சலுக்கே பொழுது போய்விடும். அதனால் அடையாளங்களை ஒரு பெரிய கிளை மரமாக அடுக்கிக்கொள்கிறார்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் அடையாளங்கள் ஒரே கிளையிலிருந்து பிரியும். அஞ்சலை ஒரே ஒருமுறை வாசித்துக்கொண்டே போனால் போதும், எந்த அடையாளம் எங்கே பொருந்துகிறது என்று மரமே காட்டிவிடும். ஆல்ஃபிரட் அஹோ, மார்கரெட் கொராசிக் என்ற இருவர் 1975இல் வெளியிட்ட தேடல் முறை இது. கிளாம்ஏவி பயன்படுத்தும் முறைகளில் முக்கியமானது. நேரத்தை மிச்சப்படுத்துகிற இந்த மரம், அதற்கு விலையாக இடத்தைக் கேட்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். `clamscan` என்று ஒரு கட்டளை உண்டு. கூப்பிடும்போதெல்லாம் மரத்தை முதலிலிருந்து கட்டி, ஒரு கோப்பைச் சோதித்து, மரத்தைக் கலைத்துவிடும். கிளாம்டியை நிறுத்திவிட்டு அஞ்சல் வரும்போது மட்டும் `clamscan` ஓட்டினால் நினைவகம் மிச்சமாகுமே என்று சிலர் நினைப்பார்கள். ஆகாது. மூன்று அஞ்சல்கள் ஒரே நேரத்தில் வந்தால் மூன்று மரங்கள் எழும்பும். நினைவகமும் மூன்று மடங்கு போகும். ஒவ்வோர் அஞ்சலும் மரம் கட்டி முடிக்கும்வரை காத்திருக்கும்.

ஒன்றரை மணிக்கு நடந்தது

அச்சக சர்வரின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 2 ஜிபி. லினக்ஸ், போஸ்ட்ஃபிக்ஸ், வெப்மெயில், அதன் தரவுத்தளம் எல்லாம் சேர்ந்து சுமார் 500 எம்பி. கிளாம்டி 1,200 எம்பி. மீதி 300 எம்பி இருக்கிறது. இறுக்கம்தான், ஆனால் நாள் முழுக்க ஓடும். காலையில் அஞ்சல் சட்டென்று வந்ததற்குக் காரணம் இதுதான்.

பிறகு கர்னல் பதிவேட்டைத் திறந்தேன்:

```
journalctl -k | grep -i "out of memory"
```

ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒன்றரை மணியை ஒட்டிய நேரங்களில், `Out of memory: Killed process` என்றும் பக்கத்தில் அடைப்புக்குள் `clamd` என்றும் வரிகள் நின்றன. நினைவகம் அடியோடு தீர்ந்துபோனால் லினக்ஸ் ஒரு நிரலைப் பலியிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும். பலிக்குப் பெரும்பாலும் அகப்படுவது அதிக இடம் பிடித்திருக்கும் நிரல். இந்த சர்வரில் அது கிளாம்டி.

ஃப்ரெஷ்கிளாமின் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் கதை முழுதாகப் புரிந்தது. ஒன்றரை மணி வாக்கில்தான் அன்றைய புதிய பட்டியல் இறங்கியிருக்கிறது. பட்டியல் இறங்கியதும் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடக்கின்றன.

முதல் காரியம், ஃப்ரெஷ்கிளாம் செய்யும் சோதனை. இறங்கிய பட்டியல் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க, அது தானே அதை முழுக்க நினைவகத்தில் ஏற்றிப் பார்க்கிறது. அங்கே கிளாம்டியிடம் ஒரு மரம் இருக்க, இங்கே இன்னொரு மரம். இரண்டாவது காரியம், கிளாம்டியின் மாற்றம். புதிய பட்டியல் தயார் என்ற செய்தி வந்ததும், பழைய மரத்தை வைத்துச் சோதனையைத் தொடர்ந்துகொண்டே, பின்னணியில் புதிய மரத்தைக் கட்டுகிறது. கட்டி முடித்த பிறகுதான் பழையதை விடுகிறது. 2020இல் வந்த 0.103 பதிப்பிலிருந்து இதுவே வழக்கம். சோதனை ஒரு கணமும் நிற்கக் கூடாது என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த ஓரிரு நிமிடங்களுக்கு இரண்டு மரங்களுக்கும் இடம் வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் முதல் முகூர்த்தக் கூட்டம் கிளம்புவதற்குள் அடுத்த முகூர்த்தக் கூட்டமும் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும்? பெரிய மண்டபம் தாங்கும். நம்முடையது சிறியது. 500, 1,200, இன்னொரு 1,200 என்று கூட்டினால் 2,900 எம்பி. இருப்பது 2,000.

கிளாம்டி இப்படிச் சாய்ந்ததும், பரிசோதகர் இல்லை என்று மில்டர் கண்டுகொள்கிறது. `OnFail Defer` என்று எழுதியிருப்பதால், வரும் ஒவ்வோர் அஞ்சலுக்கும் பிறகு வா என்று பதில் போகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் பதிவேட்டில் இப்படித் தெரியும்:

```
milter-reject: ... 4.7.1 Service unavailable - try again later
```

கிளாம்டி மறுபடி எழுந்து மரத்தைக் கட்டி முடிக்கச் சிறிது நேரம்தான் ஆகிறது. ஆனால் வெளியூர் சர்வர் அந்த நேரத்துக்குக் காத்திருந்து உடனே திரும்பி வராது. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு கணக்கு. சில ஐந்து நிமிடத்தில் வரும், சில ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும். அண்ணாச்சியின் அஞ்சல் இரண்டரை மணிக்கு வந்தது இதனால்தான். அஞ்சல் தொலையவில்லை, தள்ளிப்போனது. மறுமுயற்சியைப் பல நாள்வரை தொடர்வது அஞ்சல் சர்வர்களின் வழக்கம். போஸ்ட்ஃபிக்ஸ் தன் இயல்பான அமைப்பில் ஐந்து நாள் முயலும்.

எதைக் குறைக்கலாம், எதைக் கூடாது

முதலில் தோன்றும் தீர்வு, கிளாம்டிக்கு 800 எம்பிக்கு மேல் கிடையாது என்று சிஸ்டம்டி வழியாக வரம்பு கட்டுவது. இது உதவாது. மரத்துக்கு 1.2 ஜிபி வேண்டும் என்றால் வேண்டும்தான். வரம்பைத் தொட்டதும் கிளாம்டி சாகும், எழும், மறுபடி வரம்பைத் தொட்டுச் சாகும். அஞ்சல் ஒரு மணி நேரம் தாமதமாவதற்குப் பதிலாக அடியோடு நிற்கும்.

இரண்டாவதாகத் தோன்றுவது, `OnFail` என்பதை `Accept` என்று மாற்றுவது. அப்போது அஞ்சல் தாமதமாகாது. பரிசோதகர் இல்லாத நேரத்தில் வருவதெல்லாம் சோதிக்கப்படாமலே உள்ளே போகும். தினமும் ஒரே நேரத்தில் காவல் இல்லாத வாசல் அது. தாமதத்தைப் பொறுக்கலாம், இதைப் பொறுக்கக் கூடாது.

மூன்றாவதாக, கோப்பு அளவு வரம்புகளைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். அவை மரத்தின் அளவைத் தொடுவதே இல்லை. ஒரு பெரிய இணைப்பைப் பிரித்துப் பார்க்கும்போது கூடுதலாகச் செலவாகும் இடத்தைத்தான் கட்டுப்படுத்தும். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. மில்டரின் `MaxFileSize` என்ற வரம்பு இந்த சர்வரில் 25 எம்பி. அதைவிடப் பெரிய அஞ்சலை அது சோதிக்காமலே விட்டுவிடும். அச்சக வேலைக்குப் பெரிய வரைவுகள் வரும் என்று போஸ்ட்ஃபிக்ஸின் வரம்பை 50 எம்பிக்கு ஏற்றிவிட்டு இதை மறந்தால், 25க்கும் 50க்கும் இடைப்பட்ட அஞ்சல்கள் எல்லாம் சோதனையில்லாமல் நுழையும். அதனால் போஸ்ட்ஃபிக்ஸின் வரம்பை 20 எம்பியிலேயே நிறுத்தினேன். அதைவிடப் பெரிய வரைவுகளைப் பகிர்வு இணைப்பாக அனுப்பச் சொல்லிவிட்டோம்.

ஆகக் குறைக்க வேண்டியது மரத்தை அல்ல. இரண்டு மரங்கள் ஒன்றாக நிற்கும் அந்த நேரத்தைத்தான். அதற்கு இரண்டு வரிகள் போதும். `/etc/clamav/freshclam.conf` கோப்பில்:

```
TestDatabases no
```

`/etc/clamav/clamd.conf` கோப்பில்:

```
ConcurrentDatabaseReload no
```

முதல் வரி ஃப்ரெஷ்கிளாமின் சோதனை மரத்தை நிறுத்துகிறது. இரண்டாவது வரி கிளாம்டியை, பழைய மரத்தை விட்டுவிட்டுப் புதியதைக் கட்ட வைக்கிறது. முதல் கூட்டம் கிளம்பிய பிறகுதான் அடுத்த கூட்டத்துக்குக் கதவு திறக்கும்.

இரண்டுக்கும் விலை உண்டு. மரம் மாறும் அந்தச் சிறு நேரம் சோதனை நிற்கும். அப்போது வரும் அஞ்சல் மறுக்கப்படாது, வாசலில் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் மில்டரின் பதிலுக்கு ஐந்து நிமிடம்வரை பொறுக்கும். மில்டர் கிளாம்டியின் பதிலுக்கு இரண்டு நிமிடம் பொறுக்கும். அச்சக சர்வரில் மரம் கட்ட ஒரு நிமிடத்துக்குள்தான் ஆகிறது என்பதால் யாருக்கும் தெரியவில்லை. வட்டு மெதுவாக இருந்து இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், மறுபடி பிறகு வா என்ற பதில்தான் போகும். ஆகவே அந்த நேரத்தை ஒருமுறை அளந்து பார்ப்பது அவசியம்.

சோதனை மரத்தை நிறுத்தியதன் விலை வேறு வகை. என்றைக்காவது பழுதான பட்டியல் ஒன்று வந்தால், அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஆள் இல்லை. கிளாம்டி அதை ஏற்ற முடியாமல் நிற்கலாம். அதனால் கிளாம்டி உயிரோடு இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, இல்லையென்றால் என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் சிறு கண்காணிப்பு ஒன்றையும் வைத்தேன்.

கடைசியாக ஒரு மெத்தை. நினைவகம் நிரம்பும்போது, அதிகம் தொடாத பக்கங்களை வட்டில் இறக்கி வைக்க 2 ஜிபி ஸ்வாப் கோப்பு:

```
fallocate -l 2G /swapfile
chmod 600 /swapfile
mkswap /swapfile
swapon /swapfile
```

சர்வர் மறுபடி தொடங்கும்போதும் இது இருக்க வேண்டும் என்றால் `/etc/fstab` கோப்பிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஸ்வாப் எப்போதாவது வரும் நெரிசலுக்குத்தான். மரமே வட்டில் குடியிருக்கும்படி விடக் கூடாது. தேடும்போது மரத்தின் எந்தக் கிளையை வேண்டுமானாலும் தொட வேண்டிவரும். ஒவ்வொரு தொடுகைக்கும் வட்டுக்கு ஓடினால் ஒரு நொடியில் முடியும் சோதனை நிமிடக் கணக்கில் இழுக்கும். `vmstat 1` என்று ஓட்டி, `si`, `so` என்ற இரண்டு பத்திகளைப் பாருங்கள். எப்போதாவது எண் வந்து மறைந்தால் பரவாயில்லை. ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தால் நினைவகம் போதவில்லை என்றுதான் பொருள்.

1 ஜிபி சர்வர் என்றால்

இதைவிடச் சிறிய சர்வர் வைத்திருப்பவர்களுக்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். 1 ஜிபியில் கிளாம்டியை ஓட்ட முயலாதீர்கள். எந்த வரியை எழுதினாலும் அந்த மரம் அதற்குள் அடங்காது.

அங்கே இரண்டு வழிகள் உண்டு. அலுவலகத்தில் வேறு கணினி இருந்தால் கிளாம்டியை அதில் வைத்துக்கொண்டு, மில்டரை மட்டும் அஞ்சல் சர்வரில் ஓட்டலாம். மில்டரின் `ClamdSocket` வரியில் அந்தக் கணினியின் முகவரியைத் தந்தால் போதும். ஆனால் கிளாம்டிக்குக் கடவுச்சொல்லும் கிடையாது, பேச்சை மறையாக்கும் வசதியும் கிடையாது. யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லும், நின்றுவிடு என்று யார் சொன்னாலும் நின்றுவிடும். அதனால் இரண்டுக்கும் இடையே விபிஎன் போன்ற மூடிய பாதை இருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். பொது இணையத்தில் அதன் 3310 துறையைத் திறந்து வைக்கக் கூடாது.

இன்னொரு வழி, போஸ்ட்ஃபிக்ஸிலேயே இருக்கும் `mime_header_checks`. இணைப்பின் பெயர் `.exe`, `.scr`, `.js`, `.vbs` என்று முடிந்தால் வாசலிலேயே மறுக்கச் சொல்லலாம். இதற்கு நினைவகம் தேவையே இல்லை என்று சொல்லலாம். அச்சகத்துக்கோ கடைக்கோ இப்படிப்பட்ட கோப்பை அஞ்சலில் யாரும் நல்ல காரணத்துக்காக அனுப்புவதில்லை. கிளாம்ஏவி இருந்தாலும் இதைச் சேர்த்து வைப்பதே நல்லது. தெரிந்த வைரஸை மட்டுமே அடையாளப் பட்டியல் பிடிக்கும். இன்று காலையில் பிறந்த வைரஸ் அதில் இருக்காது. ஆனால் பெயரின் முடிவைப் பார்க்கும் காவலுக்கு அந்தக் கவலை இல்லை.

இரண்டு காவலையும் தாண்டி வரக்கூடியது கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பு. உள்ளே இருப்பதைக் கிளாம்ஏவியால் பார்க்க முடியாது. பூட்டிய கோப்புகளையெல்லாம் வைரஸ் என்றே கொள் என்று சொல்ல அமைப்பு வரிகள் உண்டு. பூட்டிய ஜிப்புக்கு `AlertEncryptedArchive`. அதை அச்சகத்தில் இயக்கினேன். பூட்டிய பிடிஎஃப்புக்கு `AlertEncryptedDoc` என்று தனி வரி. அதைத் தொடவில்லை. நம் வங்கிகள் மாதாந்திரக் கணக்கறிக்கையைக் கடவுச்சொல் போட்ட பிடிஎஃப்பாகத்தான் அனுப்புகின்றன. அதை இயக்கியிருந்தால் முதலில் நிற்பது வங்கி அஞ்சலாகவே இருந்திருக்கும்.

கணக்கை உச்சத்தில் போடுங்கள்

இரண்டு வரிகளையும் எழுதி, சேவைகளை மறுபடி தொடங்கி, மறுநாள் மத்தியானம் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி வாக்கில் பட்டியல் இறங்கியது. `free -m` காட்டிய பயன்பாடு முதலில் சரிந்தது. பழைய மரம் விடுபட்டுவிட்டது. பிறகு மெல்ல ஏறி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. கர்னல் பதிவேட்டில் புதிய வரி எதுவும் வரவில்லை. அந்த நேரத்தில் வந்த இரண்டு அஞ்சல்கள் சில நொடிகள் வாசலில் நின்றுவிட்டு உள்ளே போயின.

சிறு சர்வரில் கிளாம்ஏவி வைக்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. சும்மா இருக்கும்போது எவ்வளவு நினைவகம் என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். பட்டியல் மாறும் அந்த இரண்டு நிமிடத்தில் எவ்வளவு என்று பாருங்கள். உண்மையான தேவை அதுதான். 4 ஜிபி இருந்தால் மேலே சொன்ன இரண்டு வரிகளையும் எழுத வேண்டாம். சோதனை மரமும் இடைவிடாத மாற்றமும் அங்கே பாதுகாப்புதான். 2 ஜிபி என்றால் இரண்டு வரிகளும் ஒரு ஸ்வாப் கோப்பும் கண்டிப்பாக வேண்டும். 1 ஜிபி என்றால் கிளாம்டியை வேறு இடத்தில் வையுங்கள். எந்த அளவாக இருந்தாலும், நிறுவிய மறுநாள் பட்டியல் இறங்கும் நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் ஒருமுறை பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.